மச்சானின் மச்சான் யார்?

யாழ்ப்பாணத்து நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வந்து இருந்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, பன்னீர் தெளித்து முடிந்ததும் பெண் வீட்டு மூத்தவர் ஒருவர் எழும்புவார். அனேகமாகப் பெண்ணின் பெரியப்பா, அல்லது அம்மப்பாவின் தம்பி. வந்தவர்களை வரவேற்பார், முன்னோரை நினைப்பார், இன்றைக்கு என்னென்ன நடக்கும் என்று சொல்லுவார்: முதலில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பது, பிறகு தட்டு மாற்றுவது, மோதிரம் போடுவது, சில வீடுகளில் அன்றைக்கே பதிவாளரை அழைத்து ‘எழுத்து’ எழுதுவது. இவையெல்லாம் எழுதிவைத்தே வாசிக்கலாம். அடுத்ததை எழுதிவைக்க முடியாது. இரண்டு பக்கத்துச் சனத்தையும் ஒவ்வொருவராகக் காட்டி, இவர் இன்னாருக்கு இன்ன முறை என்று சொல்ல வேண்டும்.

“மாப்பிள்ளையின்ர அம்மம்மாவும் எங்கட பொம்பிளையின்ர அம்மப்பாவும் கூடப்பிறந்த ஆக்கள். அப்ப மாப்பிள்ளை பிள்ளைக்கு மச்சான் முறைதான். நாங்கள் புதுசாச் சம்பந்தம் செய்யேல்லை, விட்டதைத் தொடுறம்.”

சபையில் தலைகள் ஆடும். பின்வரிசையில் யாராவது விரல் மடித்துப் பார்ப்பார்கள். இரண்டு தலைமுறைக்கு மேலே இருந்த ஓர் அண்ணனையும் தங்கச்சியையும் வைத்துக்கொண்டு, கீழே இருக்கும் இரண்டு இளம் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் யார் என்று அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். அவர் கையில் கடதாசி இல்லை. எப்படிச் சொன்னார்?

நம்முடைய உறவுமுறைச் சொற்களைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்க வேண்டும். எனக்குச் சமமான தலைமுறையில் உள்ள சொந்தக்காரர் அத்தனை பேரையும் தமிழ் இரண்டே பெட்டிகளில் போடுகிறது. ஒன்று சகோதரப் பெட்டி: அண்ணா, தம்பி, அக்கா, தங்கச்சி. மற்றது மச்சான், மச்சாள் பெட்டி. அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகளும் அம்மாவின் அக்கா தங்கச்சி பிள்ளைகளும் முதலாவதில். அப்பாவின் அக்கா தங்கச்சி பிள்ளைகளும் அம்மாவின் அண்ணன் தம்பி பிள்ளைகளும் இரண்டாவதில். இதுவரை எல்லோருக்கும் தெரியும். இந்தப் பிரிப்பு ஒன்றுவிட்ட உறவோடு நின்றுவிடுவதில்லை. இரண்டுவிட்ட, மூன்றுவிட்ட உறவு, ஊரில் ‘ஏதோ ஒரு சொந்தம்’ என்று மட்டும் தெரிந்த உறவு, யாராக இருந்தாலும் இரண்டில் ஒன்றில்தான் விழ வேண்டும். மூன்றாவது பெட்டி இல்லை.

எந்தப் பெட்டி என்று கண்டுபிடிக்கும் வழியை மூத்தவர்கள் யாரும் விதியாகச் சொல்லித் தருவதில்லை. ஆனால் அவர்கள் கேட்கும் கேள்விகளைக் கவனித்தால் விதி தெரியும். முதலில் இரண்டு பேரின் வேர்களையும் மேலே பிடித்துக்கொண்டு போய், கூடப்பிறந்த இருவரில் நிறுத்துவார்கள். அந்த இருவரும் ஒரே பாலா, எதிர்ப்பாலா? அண்ணனும் தம்பியும் என்றால், அக்காவும் தங்கச்சியும் என்றால், அவர்களின் பிள்ளைகள் தங்களுக்குள் சகோதரர். அண்ணனும் தங்கச்சியும் என்றால் பிள்ளைகள் மச்சான் மச்சாள். பிறகு ஒரு படி இறங்கி, அந்தப் பிள்ளைகளில் நமக்கு வேண்டிய இருவரை எடுத்து அதே கேள்வியை மறுபடி கேட்பார்கள்: இவர்கள் ஒரே பாலா, எதிர்ப்பாலா? ஒரே பால் என்றால் அவர்களுக்குள் என்ன முறையோ அதுவே அவர்கள் பிள்ளைகளுக்கும். எதிர்ப்பால் என்றால் முறை புரண்டுவிடும். சகோதரராக இருந்தால் பிள்ளைகள் மச்சான்மார் ஆவார்கள். மச்சானும் மச்சாளுமாக இருந்தால் பிள்ளைகள் சகோதரர் ஆவார்கள்.

கடைசியாகச் சொன்னதைப் பலர் ஒரு கணம் யோசிப்பார்கள். என் அம்மாவுக்கு மச்சான் முறையான ஒருவரின் பிள்ளை எனக்கு எப்படி அண்ணன் ஆகலாம்? அம்மா அந்த மச்சானையே கட்டியிருக்கலாம் அல்லவா? கட்டியிருந்தால் அவர் எனக்கு அப்பா. கட்டாவிட்டாலும் முறை அதுதான்: அவர் எனக்குப் பெரியப்பா அல்லது சித்தப்பா, அவர் பிள்ளை என் சகோதரம். நடக்காத ஒரு கலியாணத்தின் நிழலும் கணக்கில் நிற்கிறது.

இப்போது மூத்தவர் சொன்னதைப் போட்டுப் பார்ப்போம். மேலே இருப்பவர்கள் பெண்ணின் அம்மப்பாவும் மாப்பிள்ளையின் அம்மம்மாவும். கூடப்பிறந்தவர்கள், ஓர் ஆண், ஒரு பெண். எதிர்ப்பால், ஆகவே ஒரு புரட்டு. ஒரு படி கீழே பெண்ணின் அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் ஒருவருக்கொருவர் மச்சாள். இருவரும் பெண்கள், ஒரே பால், ஆகவே புரட்டு இல்லை. பிள்ளைகள் மச்சானும் மச்சாளும். முறை சரி. மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணுக்கு இன்றைக்குத்தான் மாமியாகிறார் என்பதில்லை. பிறந்த நாளிலிருந்தே மாமிதான், இதுவரை யாரும் கூப்பிடவில்லை.

இதில் ஒரே ஒரு ஆளை மாற்றுவோம். அந்த அம்மம்மா மாப்பிள்ளையின் அம்மாவைப் பெற்றவர் இல்லை, அப்பாவைப் பெற்ற அப்பம்மா என்று வையுங்கள். மேலே அதே அண்ணன் தங்கச்சி, முதல் புரட்டு. கீழே பெண்ணின் அம்மாவும் மாப்பிள்ளையின் அப்பாவும், மச்சாளும் மச்சானும், எதிர்ப்பால். இரண்டாவது புரட்டு. இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிட, மாப்பிள்ளை பெண்ணுக்கு அண்ணன். அதே முன்னோர், அதே தூரம், அதே ஊர். ஆனால் இந்தக் கலியாணத்தைப் பேசவே மாட்டார்கள். கணினி படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: ஒரு பிட், பூச்சியம் அல்லது ஒன்று. ஒவ்வொரு எதிர்ப்பால் சோடியும் அந்தப் பிட்டை ஒருமுறை புரட்டுகிறது. மேலிருந்து கீழ்வரை புரட்டுகளை எண்ணுங்கள். ஒற்றை என்றால் மச்சான், இரட்டை என்றால் சகோதரம்.

இந்தக் கணக்குக்கும் இரத்தத்துக்கும் சம்பந்தம் உண்டா என்று அறிவியல் படித்த பிள்ளைகள் கேட்பார்கள். மரபணுக் கணக்கு வேறு. மாமன் மகளும் சித்தப்பா மகளும் ஒருவரோடு சராசரியாகப் பகிர்ந்துகொள்ளும் மரபணுப் பங்கு ஒன்றேதான், எட்டில் ஒன்று. இரண்டுவிட்ட உறவில் அது 32-இல் ஒன்றாகக் குறையும். மேலே பார்த்த இரண்டு மாப்பிள்ளைகளும் பெண்ணுக்கு அந்த 32-இல் ஒன்றுதான். ஒருவரைக் கட்டலாம், மற்றவர் அண்ணன். ஆகவே முறை என்பது நோயைத் தவிர்க்க முன்னோர் கண்டுபிடித்த மருத்துவம் என்று மேடையில் சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் வரக்கூடிய மரபணுச் சிக்கல் மாமன் மகளுக்கும் உண்டு, சித்தப்பா மகளுக்கும் உண்டு. முறை பார்ப்பது அதைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. அது வேறொன்றைக் கணக்கிடுகிறது: எந்தக் குடும்பம் எந்தக் குடும்பத்தோடு கொண்டும் கொடுத்தும் வந்திருக்கிறது என்பதை.

இதைத் தெளிவாகப் பிடித்தவர் பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன். மதுரைப் பக்கத்தில் இருந்து ஆய்வு செய்துவிட்டு 1953-இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் சாரம் இது: மாமாவை ‘அம்மாவின் சகோதரன்’ என்று பார்க்காதீர்கள், ‘அப்பாவின் மச்சான்’ என்று பாருங்கள். அப்பாவுக்கு ஒரு வீட்டோடு சம்பந்தம் உண்டானது, அந்தச் சம்பந்தம் எனக்கு இறங்குகிறது. காணி இறங்குவதுபோல மச்சான் உறவும் இறங்கும். மாமாவின் மகன் எனக்கு மச்சான் ஆவது அப்படித்தான். யாழ்ப்பாணத்து மூத்தவர் “விட்டதைத் தொடுறம்” என்று சொன்னதும் இதைத்தான். அவர் துய்மோனைப் படித்திருக்கத் தேவையில்லை.

யாழ்ப்பாணத்துச் சொற்களில் இந்தக் கணக்கு தமிழ்நாட்டைவிடத் துப்புரவாகத் தெரியும் என்பது என் எண்ணம். தமிழ்நாட்டில் அப்பாவின் சகோதரி அத்தை, மாமாவின் மனைவி பல இடங்களில் மாமி அல்லது அத்தை, கணவனின் தாய் மாமியார். யாழ்ப்பாணத்தில் அப்பாவின் சகோதரி மாமி. அம்மாவின் சகோதரனின் மனைவி மாமி. கணவனின் தாய் மாமி. மனைவியின் தாயும் மாமி. நான்கு இடம், ஒரே சொல். பிள்ளைகள் பக்கமும் அப்படியே. ஓர் ஆணுக்குத் தங்கச்சியின் மகனும் மருமகன், மகளைக் கட்டியவனும் மருமகன். தம்பியின் மகனோ பெறாமகன். ‘பெறாமகன்’ என்ற சொல் இருக்கும் வீட்டில் இரண்டு பெட்டிகளும் குழம்பவே குழம்பாது.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது வழக்கம். யாழ்ப்பாணத்தில் அது வழக்கமில்லை, கேட்டாலே முகம் சுளிப்பார்கள். மாமன் அப்பா தலைமுறை, மருமகள் பிள்ளை தலைமுறை. வயது ஒத்துவந்தாலும் படி ஒத்துவராது. வரவேற்புரையில் பத்து வயதுப் பொடியனைக் காட்டி “இவர் மாப்பிள்ளைக்கு மாமா முறை” என்று மூத்தவர் சொல்லிச் சபை சிரிப்பதும் இதனால்தான். தலைமுறைப் படி பிறந்த ஆண்டைப் பார்ப்பதில்லை.

முறை தெரிவதில் நடைமுறைப் பயனும் உண்டு. கலியாண நாளில் மாப்பிள்ளைக்குத் தோழனாக நிற்பவர் பெண்ணின் சகோதரன். வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவுவார், மாப்பிள்ளை அவருக்கு மோதிரம் போடுவார். பெண்ணுக்குக் கூடப்பிறந்த ஆண் இல்லையென்றால் யார் நிற்பது? நிச்சயதார்த்தத்திலேயே மூத்தவர் சொல்லிவிடுவார்: பெரியம்மாவின் மகன், அல்லது சித்தப்பாவின் மகன். எவ்வளவு நெருக்கமாகப் பழகினாலும் மாமாவின் மகனைக் கூப்பிடமாட்டார்கள். அவன் பெண்ணுக்கு மச்சான். மாப்பிள்ளை இருக்கும் அதே பெட்டியில் இருப்பவன், மாப்பிள்ளையின் காலைக் கழுவ வர முடியாது. தோழி மாப்பிள்ளையின் சகோதரி. அவர் இல்லாவிட்டால் அங்கும் இதே வழியில்தான் ஆள் தேடுவார்கள்.

தாயின் அக்கா தங்கச்சி பிள்ளைகள் சகோதரம் என்பது யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போடாமலே விளங்கும், அதற்கு வீடு ஒரு காரணம். இங்கே சீதனமாக வீடும் வளவும் பெண்ணுக்குப் போகும். 1707-இல் யாழ்ப்பாணத்து டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ், ஆளுநர் சைமன்ஸின் கட்டளைப்படி ஊர் வழக்கங்களைக் கேட்டு எழுதினார். தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலியார்கள் பார்த்துச் சரியென்று ஒப்பிய அந்தத் தொகுப்புத்தான் தேசவழமை. அதில் சொத்து மூன்று வகை: ஆண்வழி வரும் முதுசம், பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம், கலியாணத்துக்குப் பிறகு தேடிய தேட்டம். தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கு இறங்கியதால் ஒரு வளவு இரண்டாக, நான்காக, அக்கா தங்கச்சிகளுக்குள் பிரிந்தது. இடையில் ஒரு கிடுகு வேலி, அதில் ஒரு பொட்டு. அந்தப் பொட்டால் போய்வந்து வளர்ந்த பிள்ளைகள் பெரியம்மா பிள்ளைகளை வேறு எப்படி நினைப்பார்கள்? முறைக்குக் காரணமே இதுதான் என்று சொல்லமாட்டேன், பெண் புகுந்த வீட்டுக்குப் போய்விடும் தமிழ்நாட்டிலும் அதே முறைதானே. இங்கே வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்த பழக்கம் முறைக்கு ஒத்துப்போனது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை உலகத்துக்கு முதலில் காட்டியவர், வேடிக்கையாக, தமிழ் தெரியாத ஓர் அமெரிக்க வழக்கறிஞர். நியூயோர்க் மாநிலத்தின் ரொச்செஸ்டர் நகரத்து லூயிஸ் ஹென்றி மோர்கன். அங்கே பக்கத்தில் வாழ்ந்த செனக்கா என்ற பூர்வகுடி மக்கள் சித்தப்பாவை அப்பா என்றும் சின்னம்மாவை அம்மா என்றும் அழைப்பதைக் கண்டு வியந்தவர், மற்ற இனங்களிலும் இது உண்டா என்று கேள்விப் பட்டியல் தயாரித்து அனுப்பத் தொடங்கினார். 1859-இல் தமிழ்ச் சொற்கள் அவர் கைக்கு வந்தன. கொடுத்தவர்கள் ஸ்கடர் குடும்பத்து மிஷனரிகள். அந்தக் குடும்பத்தின் தகப்பன் டாக்டர் ஜோன் ஸ்கடர் 1820-களில் நம் பண்டத்தரிப்பில் இருந்து வைத்தியம் பார்த்தவர், பிள்ளைகளில் சிலர் அங்கேயே பிறந்தவர்கள். மாமாவும் சித்தப்பாவும் ஏன் வேறுவேறு என்று விளங்கிக்கொள்ள அவர்களுக்கு அகராதி தேவைப்பட்டிருக்காது.

தமிழ்ப் பட்டியலைச் செனக்காப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த மோர்கனுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. அமெரிக்கப் பூர்வகுடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இதுவே சான்று என்று முடிவு கட்டினார். 1871-இல் ஸ்மித்சோனியன் நிறுவனம் அவருடைய பெரிய நூலை வெளியிட்டது. உறவுமுறை ஆய்வு என்ற துறையே அந்த நூலோடு தொடங்கியது என்று சொல்லலாம். அவர் தொட்ட சான்று மட்டும் பிழை.

ஒன்றுவிட்ட உறவு வரைக்கும் தமிழும் செனக்காவும் ஒன்றேதான். அதற்கு அடுத்த படியில் பிரிகின்றன. இதைத் துல்லியமாகக் காட்டியவர் யேல் பல்கலைக்கழக மொழியியலாளர் ஃபிளாய்ட் லவுன்ஸ்பரி, 1964-இல், மோர்கன் நூல் வந்து 93 ஆண்டுகளுக்குப் பிறகு. செனக்கா வழியில் கடைசிச் சோடியை மட்டும் பார்த்தால் போதும்: உன் பெற்றோர், அவன் பெற்றோர், உறவுக்காரரான அந்த இருவரும் ஒரே பாலா, எதிர்ப்பாலா? அதற்கு மேலே யார் அண்ணன், யார் தங்கச்சி என்பது தேவையில்லை. தமிழ் வழியில் மேலிருந்து ஒவ்வொரு சோடியையும் பார்க்க வேண்டும்.

நம் நிச்சயதார்த்தத்துச் சோடியைச் செனக்கா மூத்தவர் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். பெண்ணின் அம்மா, மாப்பிள்ளையின் அம்மா, இருவரும் பெண்கள். ஒரே பால். ஆகவே மாப்பிள்ளை அண்ணன் என்பார் அவர். நாம் வேண்டாம் என்று விட்ட இரண்டாவது மாப்பிள்ளையைக் காட்டினால், அம்மாவும் அப்பாவும், எதிர்ப்பால், மச்சான் என்பார். இரண்டு இடத்திலும் நேர் எதிர். மோர்கன் இரண்டுவிட்ட உறவுகளையும் கேட்டு எழுதியிருந்தார், விடைகள் அவர் பட்டியல்களிலேயே கிடந்தன. எல்லாம் ஒன்று என்று முதலே தீர்மானித்துவிட்ட கண்ணுக்கு அவை படவில்லை. தமிழில் சம்பந்தம் தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது, ஆகவே மேலே நடந்த எதையும் மறக்க முடியாது. செனக்காவில் அப்படிச் சம்பந்தத்தைக் காவித் திரிவதில்லை. சொற்கள் ஒன்றாகத் தோன்றினாலும் அவற்றுக்கு அடியில் ஓடும் கலியாண வழக்கம் வேறு.

இனிக் கணக்கு பிழைக்கும் இடங்களுக்கு வருவோம். சங்கிலியில் ஓர் ஆளின் பாலைப் பிழையாகப் பிடித்தால் விடை கொஞ்சம் பிசகுவதில்லை, தலைகீழாகிவிடும். “பொன்னம்மான்ர வழி” என்று யாரோ சொல்ல, இன்னொருவர் அது பொன்னம்மாவின் தமையனின் வழி என்று திருத்தினால், அதுவரை மச்சானாக இருந்தவர் சகோதரமாகலாம். அதனால்தான் மூத்தவர்கள் பெயரைக் கேட்டதும் அடுத்து “அது ஆம்பிளையோ பொம்பிளையோ?” என்று கேட்கிறார்கள். இரண்டு பிழை ஒரே சங்கிலியில் வந்தால் ஒன்றையொன்று அழித்து விடை சரியாகவே வந்துவிடும் என்பது இதில் ஒரு வேடிக்கை. யாருக்கும் தெரியாது.

பெரிய சிக்கல் இரண்டு பாதை. தீபகற்பம் சிறியது. ஒரே ஊர்களுக்குள் பல தலைமுறை கொண்டும் கொடுத்தும் வந்த குடும்பங்களில் இரண்டு பேரை இணைக்கும் வழி ஒன்றாக இருப்பது அபூர்வம். எல்லோரும் முறைப்படியே கட்டியிருந்தால் எந்த வழியால் போனாலும் விடை ஒன்றாக வரும். கணக்கு அப்படித்தான் அமைந்திருக்கிறது. எங்கேயோ ஒருவர் முறை பாராமல் கட்டியிருந்தால் அதற்குக் கீழே இரண்டு வழியும் இரண்டு விடை தரும். இதைக் கண்டுபிடிக்க வம்ச வரலாறு வேண்டாம். ஒரே மனிதரை அக்கா பிள்ளைகள் மாமா என்றும் தங்கச்சி பிள்ளைகள் சித்தப்பா என்றும் கூப்பிட்டால், மேலே ஒரு முடிச்சு இருக்கிறது என்று அர்த்தம்.

அப்போது மூத்தவர் என்ன செய்வார்? கிட்டிய வழியை எடுப்பார். இரண்டும் ஒரே தூரம் என்றால் கலியாணத்துக்கு ஒத்துவரும் வழியை எடுப்பார். மற்ற வழி வரவேற்புரையில் வராது. நான் கேட்ட உரைகளில் எனக்கு மிகவும் பிடித்தவை இப்படி ஒரு வழியை நாசூக்காக விட்டுவிட்டு நடந்தவைதான். பொய் இல்லை, தெரிவு. கலியாணத்துக்குப் பிறகு இரு வீட்டாரும் புது வழியால் ஒருவரையொருவர் அழைக்கத் தொடங்க, பழைய வழி ஒரு தலைமுறையில் மங்கிப்போகும்.

சொல்லாமல் விடுவதில் இன்னொரு வகையும் உண்டு, அது எனக்குப் பிடிப்பதில்லை. “எங்கட ஆக்கள்” என்று உரையில் வரும்போது, அதில் சாதி என்ற சொல் இல்லாமலே சாதி வந்துவிடுகிறது. முறை பார்க்கும் கணக்கு யாரையும் விலக்கச் சொல்லவில்லை. அதை எந்த வட்டத்துக்குள் போட்டுப் பார்ப்பது என்பதை ஊர் தீர்மானிக்கிறது.

கணக்கு விலக்காது என்பதற்கு இப்போதைய நிச்சயதார்த்தங்களே சாட்சி. இரண்டு வீட்டுக்கும் முன்பின் சொந்தமே இல்லாத கலியாணங்கள் இன்று ஏராளம். மேலே பிடித்துக்கொண்டு போக அண்ணன் தங்கச்சி இல்லை. மூத்தவர் கீழிருந்து தொடங்குவார்: இந்த இருவரும் கட்டப்போகிறார்கள், ஆகவே மச்சானும் மச்சாளும். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மண்டபம் முழுவதையும் நிரப்பிவிடலாம். மாப்பிள்ளையின் தாய் தகப்பன் பெண்ணுக்கு மாமி, மாமா. பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளைக்கு மச்சான். இரு வீட்டுப் பெற்றோரும் சம்பந்திகள். பெண்ணின் அக்காவைக் கட்டியவர் மாப்பிள்ளைக்கு யார்? பெண்ணின் அண்ணன் மாப்பிள்ளைக்கு மச்சான், அக்காவைக் கட்டியவரும் அந்த அண்ணனுக்கு மச்சான். மச்சானின் மச்சான், இரண்டு புரட்டு, சகோதரம். அதனால்தான் சகலன்மார் தங்களுக்குள் அண்ணன் தம்பி என்று பழகுகிறார்கள், ஒருவரின் பிள்ளைகள் மற்றவரைப் பெரியப்பா, சித்தப்பா என்கிறார்கள். நேற்றுவரை அறியாத இரண்டு ஆண்கள், அக்கா தங்கச்சியைக் கட்டியதால் அண்ணன் தம்பியாகிவிடுகிறார்கள்.

ரொறன்ரோவிலும் பாரிசிலும் பிறந்த பிள்ளைகள் வந்திருக்கும் மண்டபத்தில் மூத்தவருக்கு வரும் தொல்லை வேறு. அவர்கள் எல்லோரையும் ‘அங்கிள்’, ‘ஆன்ரி’ என்று காட்டுவார்கள். அந்தச் சொற்களில் புரட்டுப் பற்றிய தகவல் இல்லை. மாப்பிள்ளை ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை என்றாலும் மூத்தவருக்குக் கஷ்டமில்லை, அவருடைய அப்பா மாமா, தம்பி மச்சான், சங்கதி முடிந்தது. ஆனால் அந்தப் பக்கத்து வரிசையில் இரண்டு பெண்களைக் காட்டி, இருவரும் தன் ஆன்ரிமார் என்று மாப்பிள்ளை சொன்னால் மூத்தவர் நின்றுவிடுவார். “அம்மான்ர சகோதரமோ, அப்பான்ர சகோதரமோ?” மாப்பிள்ளைக்கு அந்தக் கேள்வி விளங்காது. என்ன வித்தியாசம் என்று கேட்பார்.

வித்தியாசம் பெண்ணுக்கு. மாப்பிள்ளையின் அம்மாவின் தங்கச்சி, அவருக்கு இன்னொரு அம்மா. ஆகவே பெண்ணுக்கு மாமி. மாப்பிள்ளையின் அப்பாவின் தங்கச்சியோ அவருக்கு மாமி. ஒருவருக்கு மாமியாக இருப்பவர் அவருடைய மச்சாளுக்கு அம்மா முறை. ஆகவே பெண் அவரைச் சின்னம்மா என்று கூப்பிட வேண்டும். இருவரும் ஒரே வரிசையில், ஒரேமாதிரிப் பூத் தொப்பியோடு இருந்தாலும் மூத்தவர் ஒலிவாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு, இவர் மாமி, அவர் சின்னம்மா என்று பிரித்துச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த ஆளுக்குப் போவார்.